சம்மர் கேம்ப் நோட்டீஸைக் கீழே வையுங்கள், ஷிஃப்ட் சார்ட்டைக் கையில் எடுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை படித்துக்கொள்ளலாம். போன வாரம் நம் குடும்ப குரூப்பில் ஓர் உறவினர் அனுப்பிய செய்தியைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "அந்தக் காலத்தில் லீவு விட்டால் பாட்டி வீடு. இப்போது அம்மாவும் வேலைக்குப் போவதால் பிள்ளைகள் போனும் கையுமாகக் கெடுகின்றன" என்று ஒரு பூப்போட்ட படம். அதற்குக் கீழே பதினேழு கைகூப்பல். அனுப்பியவர் எனக்கு மூத்தவர், அங்கே ஒன்றும் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

ஓசூரில் ஒரு சம்பளத்தில் வாடகையும் கொடுத்து, பள்ளிக்கூட ஃபீஸும் கட்டி, ஊருக்கும் பணம் அனுப்ப முடியும் என்றால் அந்தக் கணக்கை எனக்கு எழுதிக் காட்டுங்கள். முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குப் பாடம் நடத்தியவள், திருத்தித் தருகிறேன். சிப்காட்டிலும் பொம்மசந்திராவிலும் வேலைக்குப் போகும் பெண்கள் பொழுது போகாமல் போகவில்லை. அந்த அம்மாவைக் குற்றம் சொல்வதை விட்டுவிட்டு, மே மாதத்தில் அவள் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று யாராவது கேட்டால் அது பேச்சு.

இன்னொரு பக்கம் கேம்ப் நோட்டீஸ்காரர்கள். ஏப்ரல் பிறந்தால் பாகலூர் ரோட்டில் ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு நோட்டீஸ். பத்து நாளில் ரோபோ, பத்து நாளில் அபாகஸ், பத்து நாளில் ஆங்கிலம் சரளம். காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை. நான் ரோபோவுக்கு விரோதி இல்லை. ஆனால் "வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கு வரப்பிரசாதம்" என்று கீழே ஒரு வரி போடுகிறார்கள் பாருங்கள், அது பொய். ஏன் பொய் என்று ஒரு வீட்டுக் கணக்கை வைத்தே காட்டுகிறேன்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண். இப்போது அத்திப்பள்ளி தாண்டி ஒரு கம்பெனியில் ஜெனரல் ஷிஃப்ட். காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் வீடு திரும்ப ஆறு மணி. வீட்டுக்காரர் சிப்காட்டில் ஆபரேட்டர், வாரம் ஒரு ஷிஃப்ட். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் ஆறிலிருந்து இரண்டு, செகண்ட் இரண்டிலிருந்து பத்து, நைட் பத்திலிருந்து ஆறு. ஒரே பையன், ஒன்பது வயது, நாலாம் வகுப்பு முடிக்கிறான். "டீச்சர், எந்தக் கேம்ப்ல சேர்க்கலாம்?" என்று போன் செய்தாள். "கேம்ப் அப்புறம் கண்ணு, முதலில் உன் வீட்டுக்காரர் ஷிஃப்ட் சார்ட்டை அனுப்பு" என்றேன். சிரித்தாள். மறுநாள் அனுப்பினாள்.

இந்த வருஷம், 2025இல், அவன் பள்ளியில் ஏப்ரல் 24 கடைசித் தேர்வு. ஜூன் 2 பள்ளி திறப்பு. நடுவில் 38 நாள். ஞாயிறு ஆறும் மே தினம் ஒன்றும் போக, பெற்றோருக்கு வேலை இருந்து பிள்ளைக்குப் பள்ளி இல்லாத நாள் 31. இதுவரை எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, அந்த 31 நாளும் ஒரே மாதிரி நாள் இல்லை என்பது.

அப்பாவுக்கு செகண்ட் ஷிஃப்ட் என்றால் மதியம் ஒரு மணி வரை வீட்டில் இருக்கிறார். அம்மா ஆறுக்கு வருகிறாள். ஆள் இல்லாத நேரம் ஐந்து மணி, அதுவும் மதியத்துக்கு மேல். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் விடிகாலையிலேயே போய்விடுகிறார், இரண்டே முக்காலுக்கு வருகிறார். அம்மா கிளம்பும் ஏழரையிலிருந்து அதுவரை ஏழேகால் மணி நேரம் வீட்டில் ஒருவரும் இல்லை. நைட் ஷிஃப்ட்தான் ஏமாற்றுகிற வாரம். "அப்பா பகல் முழுக்க வீட்டில்தான் இருக்கார் டீச்சர்" என்கிறாள். இருக்கிறார், தூங்குகிறார். ராத்திரி முழுக்க மெஷின் முன்னால் நின்றவர் காலை ஏழரைக்குப் படுத்தால் இரண்டரை வரையாவது தூங்கினால்தான் அடுத்த ராத்திரி கை விரல் பத்தும் பத்திரமாக வீடு திரும்பும். அந்த வாரத்தில்தான் பையன் கையில் போன் போகிறது. கெட்ட பழக்கத்தால் போகவில்லை, சத்தம் போடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகக் கொடுக்கப்படுகிறது. இதையும் அந்தப் பூப்போட்ட படத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவள் வீட்டுச் சார்ட்டின்படி ஏப்ரல் 25, 26 செகண்ட். 28ஆம் தேதி தொடங்கும் வாரம் நைட். மே 5 வாரம் ஃபர்ஸ்ட், மே 12 வாரம் செகண்ட், மே 19 வாரம் மறுபடி நைட், மே 26 வாரம் ஃபர்ஸ்ட். கூட்டிப் பார்த்தோம். விழித்திருக்கும் பெரியவர் யாரும் பையன் பக்கத்தில் இல்லாத நேரம் மொத்தம் 204 மணி. பத்து நாள் கேம்ப் தருவது 30 மணி. மீதி 174 மணிக்கு அந்த நோட்டீஸில் என்ன பதில் இருக்கிறது? போதாததற்கு அந்த 30 மணியிலும் பாதி வீண். கேம்ப் காலையில், செகண்ட் ஷிஃப்ட் வாரத்தில் காலையில் அப்பாவே வீட்டில் சும்மா இருக்கிறார். பிள்ளையோடு இருக்கக் கிடைத்த ஒரே காலை நேரத்தைக் காசு கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, யாரும் இல்லாத மதியத்தில் அவனை வீட்டில் விட்டுப் பூட்டுகிறோம்.

நைட் ஷிஃப்ட் வாரத்துக்கு அதே கேம்ப் பொருத்தமானது. அப்பா நிம்மதியாகத் தூங்குவார், பையன் வெளியே கத்தி விளையாடுவான். ஆகவே கேம்ப் வேண்டும், ஆனால் ஒரே மூச்சில் பத்து நாள் வேண்டாம். ஏப்ரல் 28 வாரம் ஒன்று, மே 19 வாரம் ஒன்று. கேம்ப் நடத்துபவரிடம் போய்க் கேள் என்றேன். முதலில் "பேக்கேஜைப் பிரிக்க முடியாது மேடம்" என்றாராம். நாலு பிள்ளைகளாகச் சேர்ந்து வருகிறோம் என்றதும் பேக்கேஜ் பிரிந்துவிட்டது.

நம் எல்லைக்கே உரிய இன்னொரு சங்கடமும் இதில் இருக்கிறது. கர்நாடகத்தில் இந்த வருஷம் ஏப்ரல் 11க்கே விடுமுறை, மே 29 பள்ளி திறப்பு. பெங்களூரின் நல்ல முகாம்கள் அந்தக் கணக்கில்தான் நடக்கும். கூட வேலை செய்யும் கன்னடத்துத் தோழி சேர்த்துவிட்டாள் என்று நீங்களும் விசாரிக்கும்போது, முதல் பேட்ச் நம் பிள்ளை பரீட்சை எழுதும் நாட்களில் ஓடிக்கொண்டிருக்கும். மே கடைசி வாரம், நமக்கு அவசரமாக வேண்டியிருக்கும்போது, அங்கே கடை கட்டிவிடுவார்கள். அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கம் பிள்ளைகளைப் படிக்க வைத்திருப்பவர்களுக்கு இது தலைகீழாக வரும். ஏப்ரல் பாதியிலேயே லீவு விட்டுவிடும், ஆனால் ஓசூரில் எதுவும் தொடங்கியிருக்காது. எந்தப் பக்கத்துக் காலண்டர் உங்களுடையது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பணம் கட்டுமுன் கேம்ப் நடக்கும் இடத்துக்கு நேரில் போங்கள். நோட்டீஸில் இருக்கும் படத்தைப் பார்க்காதீர்கள், கழிவறையைப் பாருங்கள். எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், அவர் பத்து நாளும் வருபவரா, தினம் ஒருவர் மாறுவாரா என்று கேளுங்கள். நீச்சல் என்றால் கரையில் நின்று பார்ப்பதற்கென்றே ஒரு ஆள் உண்டா என்று கேளுங்கள். சொல்லிக்கொடுப்பவர் வேறு, பார்த்துக்கொண்டிருப்பவர் வேறாக இருக்க வேண்டும். இதற்கு நேரான பதில் வராத இடத்தில் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்ட விளையாட்டரங்கில் நடத்தும் கோடைப் பயிற்சி முகாமை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அது காலையிலும் மாலையிலும்தான் நடக்கும், வேலை நேரத்து ஓட்டையை அடைக்காது. ஆனால் கிருஷ்ணகிரியில் இருப்பவர்களுக்கு, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து வரும் அப்பா மாலையில் சைக்கிளில் கூட்டிப்போக அதைவிட மலிவாக ஒன்று கிடைக்காது.

சரி, 204 மணிக்கு வருவோம். இதில் பெரிய பங்கு கேம்ப் இல்லை, பக்கத்து வீடு. அவர்கள் இருப்பது ஒரே காம்பவுண்டில் நாலு வீடு. மூன்றாவது வீட்டுக்காரரும் ஷிஃப்ட் ஆள், வேறு கம்பெனி. அவர் சார்ட்டையும் வாங்கிப் பார்த்தால், இவர் நைட் போகும் வாரம் அவர் செகண்ட். இவர் செகண்ட் போகும் வாரம் அவர் ஃபர்ஸ்ட். இரண்டு வருஷமாக ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள், இது இரண்டு பேருக்கும் தெரியாது! நைட் வாரத்தில் காலை ஏழரை முதல் கேம்ப் போகும்வரை பையன் அந்த வீட்டில், கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் அந்த அப்பா. செகண்ட் வாரத்தில் காலை முழுக்க இந்த அப்பாவிடம் அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் சேர்ந்து மூன்று பேர். மதியம் இரண்டே முக்காலுக்கு அந்த அப்பா ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து வந்ததும் ஆறு மணி வரை அவர் பொறுப்பு.

இரண்டுக்கும் நடுவில் மதியம் ஒன்றரை, இரண்டு மணி நேரம் தொங்கும். அதற்கு நாலாவது வீட்டு அக்கா, வீட்டிலேயே தையல் தைப்பவர். இங்கே ஒன்று கறாராகச் சொல்கிறேன். வீட்டில் இருக்கும் பெண் என்றால் சும்மா இருக்கும் பெண் என்று நினைத்து, "கொஞ்சம் பார்த்துக்கங்க அக்கா" என்று மூன்று பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்த நேரத்தில் அவர் தைத்தால் கூலி. பிள்ளைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு, சாப்பாடு உங்கள் வீட்டிலிருந்து என்று முதல் நாளே பேசிக் கொடுத்துவிடுங்கள். பேசாமல் விட்டால் நாலாவது நாள் அவருக்குத் தலைவலி வரும், உங்கள் திட்டம் கவிழும். அவர் மேல் தப்பே இல்லை. அந்த வீட்டில் வயதுக்கு வந்த பையன்கள், வந்துபோகும் ஆட்கள் யார் யார் என்பதையும் கண்ணால் பார்த்துவிட்டு அனுப்புங்கள். பிள்ளை "அங்கே போகல" என்று ஒருமுறை சொன்னால் ஏன் என்று உட்கார்ந்து கேளுங்கள். அடம் என்று தள்ளாதீர்கள்.

மே 5 வாரம் இரண்டு வீட்டுக்குமே கஷ்டம். ஒருவர் ஃபர்ஸ்ட், மற்றவர் நைட். அந்த வாரம்தான் பாட்டி ஊர். கவனியுங்கள், பாட்டி வீட்டை நானும் சொல்கிறேன். ஆனால் 38 நாளும் பாட்டி தலையில் கட்டச் சொல்லவில்லை. அவன் பாட்டிக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி, காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு. அறுப்பு ஆள் வரும் மாதத்தில் ஒன்பது வயதுப் பையனை ஒரு மாதம் துரத்திக்கொண்டிருக்க அவரால் முடியாது. "எங்க பாட்டி பத்துப் பேரைப் பார்த்தாங்க" என்று பேசுபவர்கள், அந்தப் பத்துப் பேரையும் உண்மையில் பார்த்தது கூடவே இருந்த சித்தி, அத்தை, பக்கத்து வீட்டுப் பெரியம்மா எல்லோரும் என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். இப்போது அந்தச் சித்தியும் அத்தையும் கம்பெனி பஸ்ஸில் இருக்கிறார்கள். ஒரு வாரம் என்றால் பாட்டிக்கும் ஆசை, பையனுக்கும் ஆசை.

ஓசூர் குளிரில் வளர்ந்த பிள்ளைக்குக் காவேரிப்பட்டணத்து வெயில் வேறு. நாம் இருப்பது தொள்ளாயிரம் மீட்டர் மேட்டில், அங்கே போனால் அதில் ஏறக்குறைய பாதி. பதினொன்றிலிருந்து மூன்றரை வரை வீட்டுக்குள், மற்ற நேரம் தோப்பு. மாங்காய் பறித்ததும் காம்பில் வடியும் பால் பட்டால் தோல் பொத்துவிடும், வாயோரம் புண்ணாகும்; கழுவிவிட்டுத்தான் கடிக்க வேண்டும் என்று டவுன் பிள்ளைக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். ஆனால் வெயிலையும் பாலையும் விட எனக்குப் பயம் தண்ணீர். கிணறு, ஏரி, கே.ஆர்.பி. அணைக் கால்வாய், மழைத் தண்ணீர் தேங்கிய கல்குவாரிப் பள்ளம். நம் மாவட்டத்தில் குவாரிப் பள்ளத்துக்குக் கணக்கே இல்லை. அதற்குச் சரிவு கிடையாது, முதல் அடியிலேயே ஆள் உயரம், ஏறி வரப் பிடி இருக்காது. கோடை விடுமுறையில் நாம் பிள்ளைகளை இழப்பது பெரும்பாலும் போனால் அல்ல, இந்தத் தண்ணீரால். "பெரியவங்க இல்லாம போகாதே" என்று பொதுவாகச் சொன்னால் பிள்ளைக்குப் பதினாறு வயது அண்ணனே பெரியவன்தான். பாட்டி, மாமா என்று இரண்டு பெயர் சொல்லுங்கள். அவர்கள் இருவரில் ஒருவர் கரையில் நிற்காமல் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது.

இனி வாசிப்பு. "லீவுலயும் படிக்கச் சொல்லணுமா?" என்று கேட்பவர்களுக்கும், "அஞ்சாம் வகுப்புப் பாடத்தை இப்பவே ஆரம்பிச்சுடலாம்" என்று டியூஷன் தேடுபவர்களுக்கும் ஒரே பதில்தான். நீண்ட விடுமுறையில் பிள்ளைகள் கொஞ்சம் மறப்பது உண்மை. ஹாரிஸ் கூப்பர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1996இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஏறக்குறைய ஒரு மாதப் படிப்பு நழுவுகிறது, வாசிப்பைவிடக் கணக்கில் அதிகம் என்றார். அதற்கு மருந்து டியூஷன்தானா? அதே நாட்டில் ஃப்ளோரிடாவில் ஆலிங்டன், மெக்கில்-ஃபிரான்சன் என்ற இருவர் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று கோடைகள், கோடைக்குப் பன்னிரண்டு புத்தகம் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளின் வாசிப்பு, புத்தகம் பெறாத பிள்ளைகளைவிடத் தேர்வில் மேலே நின்றது. எந்தப் புத்தகம் என்று பிள்ளையே தேர்ந்தெடுத்தது என்பதுதான் அதில் முக்கியம். டீச்சர் தேர்ந்தெடுக்கவில்லை, அம்மா தேர்ந்தெடுக்கவில்லை. இது எனக்கு அமெரிக்காவிலிருந்து வந்து சொல்ல வேண்டியதே இல்லை, என் வகுப்பு அலமாரியில் முதலில் கிழிந்த புத்தகம் எப்போதும் பிள்ளைகளே எடுத்த புத்தகம்தான்.

நம் ஊரில் கூடுதல் சிக்கல், மொழி. இந்தப் பையன் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழும் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலம். நாலு மொழி பேசுவான், ஒன்றிலும் ஒரு பக்கம் தடுமாறாமல் படிக்க மாட்டான். புத்தகம் அவனுக்குச் சரியா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரல் மடக்குங்கள். பக்கம் முடியுமுன் ஐந்து விரலும் மடங்கினால் புத்தகம் கனம், கீழே இறங்குங்கள். ஒரு விரலும் மடங்காவிட்டால் இலேசு. வயதைப் பார்த்து வாங்காதீர்கள். நம் அரசு வாசிப்பு இயக்கத்தில் வந்த சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக இருக்கின்றன. நாலாம் வகுப்பு முடித்தவன் "நுழை"யில் தொடங்கினால் மானம் போய்விடாது, பத்து நாளில் "நட"க்கு வந்துவிடுவான். அப்புறம் துளிர் இதழ், நேரு பால புத்தகாலயம் வெளியிட்ட பழைய படக் கதைகள். நூலகத்தில் பிள்ளை பெயரிலேயே உறுப்பினர் அட்டை போடுங்கள். வெள்ளிக்கிழமை நூலகம் விடுமுறை, சில கிளைகள் மதியத்தில் மூடிவிடும். நேரம் பார்த்துவிட்டுப் போங்கள்.

மே 12 வாரம், செகண்ட் ஷிஃப்ட், அதுதான் வாசிப்பு வாரம். காலை பத்திலிருந்து பதினொன்றரை வரை அந்த அப்பா திண்ணையில் மூன்று பிள்ளைகளோடு. அவர் ஐ.டி.ஐ. படித்தவர், "எனக்கு என்னங்க சொல்லித்தரத் தெரியும்" என்றார். ஒன்றும் சொல்லித்தர வேண்டாம். பிள்ளை படிக்க நீங்கள் கேளுங்கள், நடுவில் நிறுத்தி "அடுத்து என்ன ஆகும்னு நினைக்கிறே?" என்று மட்டும் கேளுங்கள். "இந்தக் கதையால் நீ அறிவது என்ன" என்று கேட்டால் மறுநாள் புத்தகம் கட்டிலுக்கு அடியில் போய்விடும். கணக்குக்கும் டியூஷன் வேண்டாம். சந்தையில் அம்மா தக்காளி வாங்கும்போது சில்லறையை அவன் எண்ணிக் கொடுக்கட்டும், பஸ் டிக்கெட்டைக் கூட்டட்டும்.

ஓய்வுக்குத் தனி நாள் ஒதுக்குங்கள் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏப்ரல் 25, 26, 27 மூன்று நாள், தேர்வு முடிந்த கையோடு, ஒன்றும் கிடையாது. எழுந்தபோது எழட்டும். மூன்றாம் நாள் "போர் அடிக்குது" என்பான். உடனே ஓடிப்போய் எதையாவது கையில் திணிக்காதீர்கள். அரை மணி பொறுத்துப் பாருங்கள், அட்டைப் பெட்டியை வெட்ட ஆரம்பித்திருப்பான். போன் மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம், அதுவும் பெரியவர் இருக்கும் இடத்தில். முழுக்கப் பிடுங்கினால் பக்கத்து வீட்டுப் போன் இருக்கிறது.

பயணத்துக்கு மே 26 வாரம். மறுபடி ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், பாட்டியும் களைத்துவிட்டார், கேம்ப்பும் முடிந்தது. இங்கேதான் இ.எல். எடுக்க வேண்டும். 2025 மே மாதத்தில் நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் முந்திய வருஷம் 240 நாள் வேலை பார்த்தவருக்கு இருபது நாளுக்கு ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு இருந்தது. பிச்சை இல்லை, சட்டம். பதினைந்து நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது, வருஷத்துக்கு மூன்று தடவைக்கு மேல் பிரித்து எடுக்க முடியாமல் இருந்தது. அதனால் ஜனவரியிலிருந்து ஒவ்வொரு நாளாகக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் செலவு செய்துவிட்டு மே மாதம் சூப்பர்வைசர் முன் தலை சொறியாதீர்கள். அப்பா திங்கள் முதல் வியாழன் வரை நாலு நாள், அம்மா வியாழன் முதல் சனி வரை மூன்று நாள். வியாழன் இருவரும். ஏழு விடுப்பில் ஆறு நாள் மூடுகிறது. ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கு இந்த 240ஐ எட்டவிடாமல் நடுவில் பெயரை வெட்டி வேறு ஒப்பந்தக்காரர் பெயரில் எழுதும் வித்தை நடக்கிறது. என் மாணவர்களில் எச்.ஆர். பதவியில் இருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

அந்த வியாழன் எங்கே போவது? ஊட்டி வேண்டாம், மே மாத ஊட்டியில் வண்டிக்குள்தான் உட்கார்ந்திருப்பீர்கள். ஓசூரில் ரயில் ஏறிப் பெங்களூர், கஸ்தூர்பா ரோட்டில் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம். "அப்பா என்ன வேலை?" என்று கேட்டால் நம் பிள்ளைகள் "கம்பெனி" என்கிறார்கள், அதற்கு மேல் தெரியாது. அங்கே கியர் சுற்றுவதையும் இன்ஜின் வெட்டிவைத்திருப்பதையும் காட்டி அந்த அப்பாவே பேசட்டும். ஒரு நாளாவது அவர் வாத்தியார். மற்ற நாட்களில் அரைநாள் போதும். ஓசூரை அடுத்துள்ள தொரப்பள்ளியில் 1878இல் ராஜாஜி பிறந்த வீடு. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள். பக்கத்தில்தான் மயிலாடும்பாறை, அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். இரும்பு வேலை இந்த மண்ணுக்குச் சிப்காட்டோடு வந்ததில்லை என்று பையன் தெரிந்துகொள்ளட்டும். ஒரு நாள் சுற்றினால் மறுநாள் வீடு. தொடர்ந்து மூன்று நாள் பஸ்ஸில் அலைத்தால் நாலாவது நாள் காய்ச்சல்.

மூன்று விடுப்பு நாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வெயில் என்று பள்ளி திறப்பைத் தள்ளிவைப்பது வழக்கமாகிவிட்டது. 2023இல் ஜூன் 1 என்றார்கள், பெரிய வகுப்புக்கு 12, சின்ன வகுப்புக்கு 14 ஆனது. போன வருஷம் 6 என்றது 10 ஆனது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அறிவிப்பு போடுபவர்கள் யாரும் அந்த நாட்களில் நைட் ஷிஃப்ட் அப்பா என்ன செய்வார் என்று கேட்பதில்லை.

என் கோபம் கடைசியில் அங்கேதான் போகிறது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று அதே 1948 சட்டம் சொன்னது, ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு. ஆறு முடிந்தால் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருப்பார்கள். பள்ளிக்கூடம் ஏப்ரலில் பூட்டிவிடுகிறது. ஆறு வயதிலிருந்து பதினான்கு வரை, வருஷத்தில் ஐந்தாறு வாரம், இந்தப் பிள்ளை யாருடைய கணக்கிலும் இல்லை. ஓசூரில் இத்தனை ஆயிரம் பெண்களை வேலைக்கு எடுக்கும் கம்பெனிகள் மே மாதத்துக்கு மட்டும், அந்தக் காப்பகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹாலும் இரண்டு பொறுப்பாளர்களும் வைத்தால் திவாலாகிவிடுமா? ஏப்ரல், மே இரண்டு மாத ஷிஃப்ட் சார்ட்டை மார்ச்சிலேயே ஒட்டுவதற்கு ஒரு பைசா செலவு உண்டா? இரண்டு தொழிலாளிகள் பிள்ளைக்காக ஷிஃப்ட் மாற்றிக்கொள்கிறோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் சரி என்று சொல்ல என்ன தடை? பள்ளிகளும் விளையாட்டுத் திடலையும் நூலக அறையையும் பூட்டித்தான் வைக்க வேண்டுமா? என்னைப் போல ஓய்வுபெற்ற டீச்சர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறோம். சாவி கொடுத்தால் காலை மூன்று மணி நேரம் உட்காருவோம்.

குரூப்பில் அந்தப் படத்தை அனுப்பிய என் அன்பு உறவினரே, உங்கள் வீடும் அந்தக் காம்பவுண்டிலிருந்து நாலு தெருதான். மதியம் ஒன்றிலிருந்து இரண்டே முக்கால் வரை தையல்கார அக்காவுக்கு ஓய்வு தேவைப்படும் நாட்கள் வரும். நீங்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மாதான் இருக்கிறீர்கள். நானும்தான். செவ்வாய், வியாழன் என்னுடையது. மற்ற நாளில் எது உங்களுக்குத் தோது என்று சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கு: மே 26லிருந்து லீவு வேண்டும் என்றால் மே 10க்குள் மனு கொடுத்துவிட வேண்டும், 11 ஞாயிறு. அவரவர் தெருவின் பெயரையும், ஏப்ரல் 28 வாரம் வீட்டில் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்பதையும் கீழே கமெண்டில் எழுதுங்கள். கதவு எண், பிள்ளை பெயர் எதுவும் பொதுவில் போட வேண்டாம், அதை எனக்குத் தனியாக அனுப்புங்கள். யாருக்கு யார் ஜோடி சேரும் என்று பார்த்து ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்கிறேன்.